முகவரின் கணக்கும் நம் கணக்கும்

வேலை மாற நினைக்கும் நம் இளையர்கள் பலருக்கு முதல் அழைப்பு, ஆள் தேடும் நிறுவனத்திடமிருந்து வருவதில்லை. இடையில் இருக்கும் வேலை நியமன முகவையிடமிருந்துதான் வருகிறது. “உங்கள் அனுபவத்துக்குப் பொருத்தமான ஒரு வேலை இருக்கிறது. இப்போது என்ன சம்பளம்? எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” என்று இரண்டாவது நிமிடத்திலேயே கேட்டுவிடுகிறார் முகவர். அந்த ஒரு கேள்விக்குச் சொல்லும் பதில், இரண்டு மாதம் கழித்துக் கைக்கு வரும் ஒப்பந்தத்தில் என்ன எண் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

ஒன்பது ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்தேன். முகவைகள் அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்ததும், அவர்களின் கட்டண ரசீதுகளைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியதும் என் வேலைகளில் அடங்கும். சம்பளப் பேச்சின்போது முகவர் நம் பக்கமா, நிறுவனத்தின் பக்கமா என்று பலரும் என்னிடம் கேட்பதுண்டு. இரண்டும் இல்லை என்பதே என் பதில். அவர் ஒப்பந்தம் முடிவதன் பக்கம். அதைப் புரிந்துகொண்டால் அவரை எப்போது, எதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது விளங்கிவிடும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

அலுவலக வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் முகவைக்குக் கட்டணம் கொடுப்பது வேலை தரும் நிறுவனம். தேர்வானவரின் முதல் ஆண்டுச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று ஒப்பந்தம் இருக்கும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 15 முதல் 25 விழுக்காடு வரை இருந்தன. இது நம் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவதில்லை. ஆள் சேர்ப்புக்கென்று நிறுவனம் தனியாக ஒதுக்கும் தொகையிலிருந்து போகிறது. ஆகவே, “முகவர் வழியாகப் போனால் அவருக்குக் கொடுப்பதை நமக்குக் குறைத்துவிடுவார்கள்” என்று பயப்படுவதில் பெரிய அர்த்தமில்லை.

கட்டணம் கணக்கிடப்படும் விதத்தில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வழக்கமாக அடிப்படைச் சம்பளம், உறுதியான 13ஆவது மாதச் சம்பளம், நிலையான படிகள் ஆகியவைதான் கணக்கில் சேரும். விடுப்பு நாள்கள், வீட்டிலிருந்து வேலை, மருத்துவக் காப்புறுதி போன்றவற்றால் முகவருக்கு ஒரு காசும் வராது. இரண்டு, ரசீது பெரும்பாலும் நாம் வேலையில் சேர்ந்த பிறகே அனுப்பப்படுகிறது. அதனால் நாம் சீக்கிரம் சேர வேண்டும் என்பதில் முகவருக்கு அக்கறை உண்டு. மூன்று, ஓர் உத்தரவாதக் காலம் இருக்கும். மூன்று மாதம் என்பது பரவலான வழக்கம். அதற்குள் நாம் விலகினால், முகவை வேறு ஆளைத் தேடித் தர வேண்டும் அல்லது கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். சேர்ந்த பிறகும் முகவர் அவ்வப்போது அழைத்து நலம் விசாரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்டுக் கணக்கில் பேசுவது

இதை என் அக்கா மகளின் வேலை மாற்றத்தை வைத்தே விளக்குகிறேன். அவளுக்கு வயது 29. ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தாள். மாதம் 5,200 வெள்ளி சம்பளம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் 13ஆவது மாதச் சம்பளமும் உண்டு.

முகவரின் முதல் அழைப்பு வந்ததும், “அரை மணி நேரத்தில் திரும்ப அழைக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“சித்தி, இப்போதைய சம்பளத்தைச் சொல்லணுமா? கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?”

“கூட்டிச் சொல்லாதேம்மா. சம்பளச் சீட்டு கேட்பாங்க. ஆனால் மாதக் கணக்கில் சொல்லாதே. ஆண்டுக் கணக்கில் சொல்லு” என்றேன்.

காரணம் இதுதான். 13ஆவது மாதச் சம்பளம் சிங்கப்பூரில் சட்டப்படி கட்டாயமில்லை. சில நிறுவனங்கள் தருகின்றன, சில தருவதில்லை. 5,200 வெள்ளியை 13 மாதத்துக்குக் கணக்கிட்டால் அவளுடைய ஆண்டு வருமானம் 67,600 வெள்ளி. “மாதம் 5,200” என்று சொல்லிவிட்டால் முகவரின் படிவத்தில் அந்த எண் மட்டுமே ஏறும். 13ஆவது மாதம் பேச்சிலேயே வராமல் போய்விடும். முகவர் நம் விண்ணப்பத்தின் மேல் இணைத்து அனுப்பும் ஒரு பக்கக் குறிப்பில் இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், எப்போது சேர முடியும் ஆகிய மூன்றும் முன்னால் நிற்கும். பிரிவு மேலாளர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பொய் சொல்வது ஏன் கூடாது என்றால், அது எளிதில் வெளிப்பட்டுவிடும். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு தருவது இங்கு முதலாளிகளின் கடமை. ஆகவே சீட்டு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. மத்திய சேமநிதிப் பதிவைப் பார்த்தாலும் கணக்கு தெரிந்துவிடும். ஒப்பந்தம் தந்த பிறகு பொய் வெளிப்பட்டால் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

அவள் திரும்ப அழைத்து, “எனக்கு உறுதியாகக் கிடைப்பது ஆண்டுக்கு 67,600. ஆண்டுக்கு 76,000 அளவில் எதிர்பார்க்கிறேன்” என்றாள். தன் மனத்தில் இருந்த குறைந்தபட்ச எண்ணைச் சொல்லவில்லை. மாதம் 6,100 வெள்ளிக்குக் குறைந்தால் இப்போதைய வேலையை விடுவதில்லை என்பது அவள் எடுத்திருந்த முடிவு. அதை முகவரிடம் சொன்னால் அது நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அது சூழ்ச்சி அல்ல. தகவலை இரு பக்கமும் கொண்டு செல்வதுதான் அவருடைய தொழில். பேச்சு அந்த எண்ணில்தான் முடியும் என்று தெரிந்தபின் எந்த நிறுவனமும் அதற்கு மேல் தராது.

தேர்வுக்கு முன்பும் பின்பும்

முகவர் ஒரே வேலைக்கு மூன்று அல்லது நான்கு பேரை அனுப்புவார். அவர்களில் யார் தேர்வானாலும் அவருக்குக் கட்டணம் வரும். ஆகவே நேர்காணலுக்கு முன் நாம் அதிகச் சம்பளத்துக்கு அழுத்தம் கொடுத்தால், அவர் அடுத்தவரை முன்னால் தள்ளுவார். “அந்த எண் கொஞ்சம் அதிகம்” என்று இந்தக் கட்டத்தில் அவர் சொல்வது பெரும்பாலும் தன் பட்டியலில் இருக்கும் மற்றவர்களோடு நம்மை ஒப்பிட்டுச் சொல்வது. இந்தக் கட்டத்தில் ஒரே எண்ணை அமைதியாகச் சொல்லி, அதிலேயே நிற்பது போதும். வாதாட வேண்டியதில்லை.

நிறுவனம் நம்மைத் தேர்ந்தெடுத்த பிறகு நிலைமை மாறுகிறது. மற்றவர்கள் விலக்கப்பட்டுவிட்டார்கள். நாம் கையெழுத்திடாவிட்டால் முகவர் இரண்டு மாதம் உழைத்தது வீண். நிறுவனம் மறுபடி தேடத் தொடங்கும்போது வேறு முகவை ஆளைக் கொடுத்துவிடவும் கூடும். நாம் பேச வேண்டிய நேரம் இதுதான்.

மூன்று நேர்காணல்களுக்குப் பிறகு என் அக்கா மகளுக்கு அழைப்பு வந்தது. “வாழ்த்துகள்! மாதம் 5,800. இப்போது வாங்குவதைவிட 600 வெள்ளி அதிகம், 11 விழுக்காட்டுக்கும் மேல். இதுதான் அவர்களின் உச்சவரம்பு” என்றார் முகவர்.

புதிய நிறுவனத்தில் 13ஆவது மாதச் சம்பளம் கிடையாது. 5,800 வெள்ளியை 12 மாதத்துக்குக் கணக்கிட்டால் 69,600. இப்போது கிடைக்கும் 67,600 வெள்ளியைவிட ஆண்டுக்கு 2,000 வெள்ளிதான் அதிகம். மாதத்துக்குப் பிரித்தால் 170 வெள்ளிகூட இல்லை. முகவர் சொன்ன 600 பொய்யில்லை. ஆனால் அவர் மாதக் கணக்கைச் சொன்னார். அவளுடைய வாழ்க்கை நடப்பது ஆண்டுக் கணக்கில்.

முகவர் ஏன் 5,800-லேயே முடிக்கப் பார்க்கிறார் என்பதையும் கணக்காகவே பார்க்கலாம். கட்டணம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 69,600-க்கு முகவைக்குக் கிடைப்பது 13,920 வெள்ளி. அவள் விரும்பிய 6,300 கிடைத்தால் ஆண்டுச் சம்பளம் 75,600, கட்டணம் 15,120. அவளுக்கு ஆண்டுக்கு 6,000 வெள்ளி கூடுதல். முகவைக்கோ 1,200 மட்டுமே கூடுதல், அதிலும் முகவரின் தனிப்பட்ட பங்கு ஒரு சிறு பகுதிதான். அந்தச் சிறு தொகைக்காக 13,920 வெள்ளியைப் பணயம் வைக்க யாருக்கும் மனம் வராது. சம்பளம் உயர்ந்தால் முகவருக்கும் லாபம் என்பது உண்மை. ஆனால் அந்த லாபம், ஒப்பந்தம் கைநழுவினால் வரும் நட்டத்துக்கு முன்னால் மிகச் சிறியது.

முகவர் கையில் கொடுக்க வேண்டிய வாக்கியம்

அப்படியானால் அவரை எப்படி நம் பக்கம் பேச வைப்பது? அவர் பயப்படுவது ஒப்பந்தம் முறிவதற்கு. விரும்புவது அது உறுதியாக முடிவதை. “இன்னும் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லுங்கள்” என்றால் அவருக்கு இரண்டும் கிடைப்பதில்லை. கூட்டிய பிறகும் நாம் மறுக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கும் நிறுவனத்துக்கும் இருக்கும். ஒரே எண், அது கிடைத்தால் உறுதியான சம்மதம் என்று சொன்னால், அதை அவர் நிறுவனத்திடம் எடுத்துச் சென்று விற்க முடியும்.

அவள் முதலில் முகவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். “5,800 உச்சவரம்பு என்பது நிறுவனம் சொன்னதா, நீங்கள் கணிப்பதா?” அவர் சற்றுத் தயங்கி, “பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்” என்றார். நிறுவனமே சொல்லியிருந்தால், யார் சொன்னார், இந்தப் பதவிக்கான சம்பள வரம்பு எதுவரை போகிறது என்று முகவரால் சொல்ல முடியும். பதில் மழுப்பலாக வந்தால் அவர் நம் எண்ணை இன்னும் நிறுவனத்திடம் எடுத்துச் செல்லவே இல்லை என்று பொருள் கொள்ளலாம்.

பிறகு அவள் மின்னஞ்சல் அனுப்பினாள். தொலைபேசியில் சொன்னால் அது முகவரின் வார்த்தைகளில்தான் போய்ச் சேரும். எழுத்தில் கொடுத்தால் அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பிவிடலாம். அவள் எழுதியது இவ்வளவுதான்:

“வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. மாதம் 5,800 என்பது ஆண்டுக்கு 69,600. இப்போது எனக்கு உறுதியாகக் கிடைப்பது 67,600. முதல் அழைப்பில் 76,000 அளவு என்று சொல்லியிருந்தேன். மாதம் 6,300 என்றால், ஒப்பந்தம் எழுத்தில் வந்த அன்றே கையெழுத்திடுகிறேன். என் இப்போதைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தித் தர முன்வந்தாலும் ஏற்க மாட்டேன்.”

கடைசி வாக்கியம் முகவருக்கு மிகவும் முக்கியம். நாம் பணிவிலகல் கடிதம் கொடுத்ததும் பழைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தி நம்மை நிறுத்திக்கொள்வதுதான் முகவர்கள் அதிகம் பயப்படும் விபத்து. ஆனால் அதை உண்மையாகவே நினைத்தால்தான் எழுத வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் அந்த முகவை மறுபடி நம்மை அழைக்காது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 6,200. நிறுவனத்தின் வரம்பு அதுதான் என்று மனிதவள மேலாளர் சொன்னதாக இந்த முறை பெயரோடு சொன்னார் முகவர். ஆண்டுக்கு 74,400, பழைய வருமானத்தைவிட 6,800 வெள்ளி அதிகம். அவளுடைய குறைந்தபட்ச எண்ணுக்கும் மேல். எண்ணைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

சேரும் தேதியில் ஒளிந்திருக்கும் பணம்

இது நடந்தது அக்டோபர் நடுவில். “உடனே கடிதம் கொடுத்துவிடுங்கள், நவம்பர் நடுவில் சேரலாம்” என்று அவசரப்படுத்தினார் முகவர். பழைய நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். டிசம்பர் 31ஆம் தேதி வேலையில் இருப்பவருக்குத்தான் 13ஆவது மாதச் சம்பளம். இடையில் விலகினால் விகிதாசாரப்படியும் கிடையாது. நவம்பரில் போனால் 5,200 வெள்ளி போய்விடும். முதல் ஆண்டில் கூடுதலாக வரும் 6,800-இல் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

உங்கள் ஒப்பந்தத்திலும் இந்தப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். சில நிறுவனங்களில், டிசம்பர் 31 அன்று வேலையில் இருந்தாலும் பணிவிலகல் கடிதம் கொடுத்திருந்தால் கிடையாது என்று எழுதியிருக்கும்.

அவசரம் யாருடையது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ரசீது சேரும் நாளைப் பொறுத்தது என்பதால் முகவருக்கு ஓர் அவசரம் உண்டு. நிறுவனத்துக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தக் கட்டத்தில் அவள் நேரடியாக மனிதவள மேலாளரிடம் பேசினாள். ஒப்பந்தம் எழுத்தில் வந்த பிறகு இது முறையானதுதான். முகவரின் கட்டணத்தை இது பாதிக்காது. சம்பள எண்ணை மட்டும் இரண்டு வழியாகவும் பேசக் கூடாது. முகவரிடம் ஒன்றும் நிறுவனத்திடம் ஒன்றும் சொன்னால் இருவருமே நம்பிக்கை இழப்பார்கள்.

நிறுவனம் ஜனவரி வரை காத்திருக்க முடியாது என்றது. டிசம்பர் 1ஆம் தேதியாவது வேண்டும் என்றது. ஆனால் இழப்பை விளக்கியதும், சேரும்போது ஒருமுறை மட்டும் 4,000 வெள்ளி தர ஒப்புக்கொண்டது. 12 மாதத்துக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையுடன். முழு இழப்பும் ஈடாகவில்லை, நிபந்தனையும் உண்டு. இருந்தாலும் கேட்டிராவிட்டால் அந்தப் பணம் கிடைத்திருக்காது.

முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டியவை

முகவை உரிமம் பெற்றதா என்பதை மனிதவள அமைச்சின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். முகவையின் உரிம எண், முகவரின் தனிப்பட்ட பதிவு எண் இரண்டும் அங்கே இருக்கும். வேலை தேடுபவரிடம் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். ஆனால் நிறுவனம் கட்டணம் செலுத்தும் இத்தகைய அலுவலக வேலைக்கு நம்மிடமும் பணம் கேட்டால், அந்த முகவையை விட்டு விலகுவதே நல்லது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விண்ணப்பத்தை அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். “எந்த நிறுவனம் என்று சொல்லுங்கள், நான் சரி என்று எழுதிய பிறகு அனுப்புங்கள்” என்று கேட்பது நம் உரிமை. இதில் சம்பளத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு முகவைகள் நம் பெயரை அனுப்பிவிட்டால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும். தகராறே வேண்டாம் என்று நம் பெயரை ஒதுக்கிவைத்த மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த முகவை, எந்த நிறுவனம், எந்த நாள் என்று ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

மாதச் சம்பளமாகச் சொல்லாமல் “மொத்தத் தொகுப்பு” என்று ஒரு பெரிய எண் வந்தால், அதில் முதலாளியின் மத்திய சேமநிதிப் பங்கு சேர்க்கப்பட்டிருக்கிறதா, உறுதியில்லாத போனஸ் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 55 வயது வரையுள்ள ஊழியர்களுக்கு முதலாளி செலுத்தும் பங்கு 17 விழுக்காடு. அது எங்கு வேலை செய்தாலும் சட்டப்படி கிடைப்பது. அதைச் சம்பள உயர்வாக எண்ணக் கூடாது.

இந்த வழியில் எல்லாருக்கும் கூடுதல் கிடைக்கும் என்றில்லை. சம்பள அளவு ஏற்கெனவே கறாராக வகுக்கப்பட்ட நிறுவனங்களில் முகவரால் எதையும் அசைக்க முடியாது. அனுபவம் அதிகம் தேவைப்படாத, நூறு பேர் விண்ணப்பிக்கும் வேலைகளிலும் நிறுவனம் அடுத்தவரிடம் போய்விடும். அங்கே சேரும் தேதி, விடுப்பு, பயிற்சி ஆகியவற்றைக் கேட்பது பயன் தரும். அனுபவமுள்ள ஒருவரை நிறுவனமே தேர்ந்தெடுத்து, மற்றவர்களை விலக்கிவிட்ட அந்தச் சில நாள்களில்தான் முகவரின் கணக்கும் நம் கணக்கும் ஓரளவு ஒன்றுசேர்கின்றன. அப்போது கையில் இருக்க வேண்டியது ஆண்டுக் கணக்கில் போட்ட ஓர் எண்ணும், அது கிடைத்தால் கையெழுத்திடுவேன் என்ற ஒரு வாக்கியமும். இரண்டையும் முதல் அழைப்பு வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.